42 நாட்களுக்குப் பின் தாயை யார் கேட்கிறார்? சிறு குழந்தைகளின் தாய்மார்களை வாட்டும் களைப்பும் தனிமையும் - ஒரு விளக்கம்

புது தில்லி: கைக்குழந்தையும் அதற்கு மூத்த சிறு பிள்ளையும் உள்ள ஒரு பெண், "எனக்கு முடியவில்லை, நான் நானாகவே இல்லை" என்று சொன்னால், நம் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "எல்லாத் தாய்க்கும் இப்படித்தான் இருக்கும்". அந்தப் பதிலில் பாதி உண்மை. சிறு குழந்தைகளை வளர்க்கும் தாய்க்குக் களைப்பு வருவது இயல்பு. ஆனால் இயல்பான களைப்புக்கும் சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோய்க்கும் இடையே கண்டறியக்கூடிய ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களையும் அதே பதில் வீட்டிலேயே இருத்திவிடுகிறது.

தாண்டியவர்கள் சிலர் மட்டும் அல்லர். இந்தியாவில் நடத்தப்பட்ட 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார அமைப்பின் இதழில் 2017ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியானது. 20,043 தாய்மார்களின் தரவுகளைக் கொண்ட அந்தத் தொகுப்பின்படி, மகப்பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறத்தாழ 22 சதவீதத் தாய்மார்களிடம் காணப்பட்டது. அதாவது ஐவரில் ஒருவருக்கும் சற்று அதிகம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது, தன்னைத் தொலைத்த உணர்வு ஏன் ஏற்படுகிறது, அது எப்போது நோயாகிறது, எதைச் செய்தால் பலன் கிடைக்கிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கவனிப்பு முடியும் நாள்

பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வளிக்கும் வழக்கம் நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. வட மாநிலங்களில் ‘ஸவா மஹீனா’ எனப்படும் ஒன்றேகால் மாதம் அல்லது 40 நாட்கள், தாய்க்குச் சமையலறை வேலை இல்லை. எண்ணெய் தேய்ப்பதும் பத்திய உணவு தருவதும் பிறர் பொறுப்பு. பல சமூகங்களில் இந்தக் காலத்தைப் பெண் தன் தாய்வீட்டில் கழிக்கிறார்.

அரசின் ஏற்பாடும் ஏறக்குறைய இதே கால அளவைக் கொண்டது. மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் செல்ல வேண்டும் என்பது விதி. மருத்துவத்தில் மகப்பேறுக்குப் பிந்தைய காலம் என்று வரையறுக்கப்படுவதும் 42 நாட்களே.

அதன் பிறகும் ஆஷா பணியாளர் வருகிறார். 2018இல் தொடங்கிய திட்டத்தின்படி குழந்தையின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் ஐந்து வருகைகள் உண்டு. ஆனால் அவற்றின் மையம் குழந்தை: எடை, இணை உணவு, தடுப்பூசி, வளர்ச்சி. தாயின் மனநிலையை அறிவது அந்த வருகைகளின் முதன்மை நோக்கம் அன்று.

இவ்வாறு வீட்டின் வழக்கமும் அரசின் கவனிப்பும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தாயை விட்டு விலகுகின்றன. குழந்தையோ இரவில் முழுமையாக உறங்குவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகலாம். கருத்தரிப்புகளுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாத பெண்ணுக்கு, முதல் குழந்தையின் இரவுகள் முடியும் முன்பே இரண்டாவதன் இரவுகள் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலான தாய்மார்கள் கடும் களைப்பையும் தனிமையையும் உணர்வது இந்த நீண்ட, பெயரற்ற காலத்தில்தான்.

ஓர் இரவின் கணக்கு

களைப்பு எவ்வாறு உருவாகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் பார்க்கலாம். வேலை நிமித்தம் சொந்த ஊரைவிட்டு குருகிராமில் குடியேறிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மூத்த பிள்ளைக்கு மூன்று வயது, இளையதற்கு எட்டு மாதம். கணவர் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பது மணிக்குத் திரும்புகிறார்.

தாய் இரவு 10.30 மணிக்குப் படுக்கிறார். குழந்தை 11.30 மணிக்கு அழுகிறது. பாலூட்டித் தூங்கவைக்க 12.10 ஆகிவிடுகிறது. மீண்டும் 2.00 மணிக்கு விழிக்கும் குழந்தை 2.40க்கு உறங்குகிறது. மூன்றாம் முறை 4.30 மணி முதல் 5.00 மணி வரை. காலை 6.00 மணிக்கு மூத்த பிள்ளை எழுந்துவிடுகிறது.

கூட்டிப் பார்த்தால் அவர் உறங்கியது 5 மணி 40 நிமிடம். "ஆறு மணி நேரம் தூங்கினாயே" என்று யாரும் கேட்கலாம். ஆனால் அது நான்கு துண்டுகளாக உடைந்த உறக்கம். மிக நீண்ட துண்டு 1 மணி 50 நிமிடம் மட்டுமே. மனித உறக்கத்தின் ஒரு சுற்றே ஏறத்தாழ 90 நிமிடம் நீடிக்கிறது. ஆகவே எந்தத் துண்டிலும் அவருக்கு ஒரு சுற்றுக்கு மேல் நிறைவடைவதில்லை. மாதக்கணக்கில் இது தொடரும்போது எரிச்சல், மறதி, சிறு முடிவைக்கூட எடுக்க இயலாமை ஆகியவை ஏற்படுவது உடலின் எதிர்வினையே அன்றி, குணக்கேடு அன்று.

இதே இரவில் ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். 2.00 மணிக் கவனிப்பை மட்டும் கணவர் ஏற்கிறார். முன்னதாக எடுத்து வைத்த தாய்ப்பாலைக் கொடுத்துக் குழந்தையை உறங்கவைக்கிறார். தாயின் உறக்கம் 12.10 முதல் 4.30 வரை நீள்கிறது. மொத்த உறக்கத்தில் கூடியது 40 நிமிடம் மட்டுமே. ஆனால் தொடர் உறக்கம் 1 மணி 50 நிமிடத்திலிருந்து 4 மணி 20 நிமிடமாக உயர்ந்துவிட்டது. "பகலில் கொஞ்சம் படுத்துக்கொள்" என்ற அறிவுரையைக் காட்டிலும் இரவில் ஒரு முறையை முழுமையாக மற்றவர் ஏற்பது பலனளிப்பதற்குக் காரணம் இதுவே.

பகல் வேலையைப் பொறுத்தவரை, மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2024ஆம் ஆண்டுக்கு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நிலைமையைக் காட்டுகிறது. ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதில் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 88 நிமிடங்கள். 15 முதல் 59 வயது வரை உள்ளோரில், குழந்தைகள் உள்ளிட்ட குடும்பத்தினரைப் பராமரிப்பவர்களில் பெண்கள் 140 நிமிடங்களும் ஆண்கள் 74 நிமிடங்களும் அதற்கென ஒதுக்கினர்.

இந்தச் சராசரிகளில் எல்லா வகைக் குடும்பங்களும் அடங்கியுள்ளன. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் சுமை இன்னும் கூடுதலாகவே இருக்கும். தவிர, எந்த வேலையையும் செய்யாதபோதும் காதும் கண்ணும் குழந்தையின் மீதே இருக்கும் விழிப்பு நிலையை நிமிடக் கணக்கில் முழுமையாக அடக்க முடியாது. தாயின் பகலில் ஓய்வு இல்லை என்பதைவிட, தடைபடாத நேரம் இல்லை என்பதே பொருத்தமான விவரிப்பு.

‘நான்’ எங்கே போகிறது?

தாய்மை அடைவது ஒரு நாளில் முடியும் நிகழ்வு அன்று. பருவமடைதலைப் போன்று உடலும் மனமும் சமூக நிலையும் ஒருங்கே மாறும் நீண்ட கட்டம் என்று அமெரிக்க மானுடவியலாளர் டானா ரஃபேல் 1970களில் விளக்கினார். அதற்கென அவர் ‘மேட்ரெசென்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். பருவ வயதில் குழப்பம் ஏற்படுவதை இயல்பென ஏற்கும் சமூகம், தாய்மைக் குழப்பத்தை ஏற்பதில்லை. குழந்தை பிறந்த மகிழ்ச்சியும், பழைய வாழ்க்கையை இழந்த துக்கமும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருக்க முடியும். பின்னதை வெளியில் சொன்னால் குழந்தையை வெறுப்பதாகப் பொருள் கொள்வார்களோ என்ற அச்சமே பலரை மௌனமாக்குகிறது.

இந்தியச் சூழலில் இந்த இழப்புக்குக் கூடுதல் படிகள் உண்டு. திருமணத்தோடு பெண் தன் ஊரையும் தோழிகளையும் விட்டு வருகிறார். மகாராஷ்டிரம் போன்ற பகுதிகளின் சில குடும்பங்களில் மணப்பெண்ணின் முதற்பெயரையே மாற்றும் வழக்கமும் உள்ளது. குழந்தை பிறந்த பின் வட மாநிலங்களின் குடியிருப்புகளில் அவர் ‘பப்லு கீ மம்மி’ ஆகிறார். வேலையை விட்டிருந்தால், அவருடைய பெயரைச் சொல்லி அழைத்த கடைசி இடமும் போய்விடுகிறது.

மேலே கண்ட எடுத்துக்காட்டில் உள்ள பெண்ணின் பகலை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். காலை எட்டு மணி முதல் இரவு ஒன்பது மணி வரையிலான 13 மணி நேரத்தில் அவர் பேசும் பெரியவர்கள் யார்? பொருள் கொண்டுவந்து தருபவர், குடியிருப்பின் காவலாளி, மாலையில் தொலைபேசியில் மாமியார். அந்த மூன்று உரையாடல்களிலும் கேட்கப்படுவது பார்சலின் ரகசிய எண், வீட்டின் எண், குழந்தை சாப்பிட்டதா என்பவைதான். அவரைப் பற்றிய கேள்வி ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாமல் இருப்பது மட்டும் தனிமை அன்று. கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேருக்கு நடுவே இருக்கும் மருமகளும், தன்னைப் பற்றி எவரும் கேட்காதபோது, இதே தனிமையில்தான் இருக்கிறார்.

களைப்பா, மனச்சோர்வா?

இங்கேதான் முக்கியமான கேள்வி எழுகிறது. உறக்கமின்மை, களைப்பு, பசிக் குறைவு ஆகிய மூன்றும் மனச்சோர்வின் அறிகுறிகள். அதே மூன்றும் ஆரோக்கியமான எந்தத் தாயிடமும் இருக்கக்கூடியவை. ‘பி.எச்.க்யூ-9’ என்ற பொதுவான வினாத்தாளில் உள்ள ஒன்பது கேள்விகளில் மூன்று இவை பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 3 மதிப்பெண் என்பதால், மனநிலை நன்றாக உள்ள தாயும் இவற்றிலேயே 9 மதிப்பெண் வரை பெற முடியும்.

இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே ‘எடின்பரோ மகப்பேறுக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோல்’ 1987இல் வெளியிடப்பட்டது. கடந்த ஏழு நாட்களைப் பற்றி அதில் பத்துக் கேள்விகள் உள்ளன. உடல் களைப்பைப் பற்றிய கேள்வி அதில் இல்லை. மாறாகச் சிரிக்க முடிகிறதா, வரும் நாளை ஆவலோடு நோக்க முடிகிறதா, காரணமின்றித் தன்னைக் குறை கூறிக்கொள்கிறாரா, காரணமின்றிப் பதற்றமோ பயமோ வருகிறதா, சுமை கைமீறிப் போகிறதா, சோகம், அழுகை, தன்னைத் தானே துன்புறுத்தும் எண்ணம் ஆகியவை கேட்கப்படுகின்றன. உறக்கம் பற்றிய கேள்வியும் "தூக்கம் குறைவா" என்று கேட்பதில்லை. மனவருத்தத்தால் தூக்கம் வராமல் போகிறதா என்றே கேட்கிறது. குழந்தை உறங்கும்போது தாயால் உறங்க முடிகிறதா என்பதுதான் இதன் சாரம். படுத்தவுடன் உறங்கிவிடுபவர் பெரும்பாலும் களைத்தவர். குழந்தை உறங்கியும் விழித்துக் கிடப்பவரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டில் உள்ள பெண் இதற்கு விடையளித்தால் எப்படி இருக்கும்? முதல் சூழலில், அவருக்குச் சுமை கைமீறுவதற்கு 2, தன்னைக் குறை கூறுதல், பதற்றம், அழுகை ஆகியவற்றுக்குத் தலா 1 என்று கொள்வோம். மொத்தம் 5. இவர் மிகவும் களைத்திருக்கிறார், உதவி தேவை, ஆனால் மனச்சோர்வுக்கான அடையாளம் குறைவு.

இரண்டாம் சூழலில், அதே வீடு, அதே இரவுகள். ஆனால் எதிர்பார்ப்பு இன்மை, தன்னைக் குறை கூறுதல், பதற்றம், சுமை, சோகம் ஆகிய ஐந்துக்கும் தலா 2. சிரிப்புக் குறைதல், பயம், வருத்தத்தால் உறக்கமின்மை, அழுகை ஆகிய நான்குக்கும் தலா 1. கடைசிக் கேள்விக்கு 0. மொத்தம் 14. பொதுவாக 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவ மதிப்பீடு அவசியம் எனக் கருதப்படுகிறது. 10 முதல் 12 வரை வந்தால் இரண்டு வாரங்களில் மீண்டும் கேட்பது வழக்கம். தன்னைத் துன்புறுத்தும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு 0 தவிர வேறு எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் எதுவாயினும் அன்றே உதவி பெற வேண்டும்.

இந்த அளவுகோல் நோயை உறுதி செய்வதில்லை. யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே அது சுட்டுகிறது. வீட்டார் அருகில் நிற்கும்போது விடையளித்தால் மதிப்பெண் குறைவாகவே வரும் என்பதும் நினைவில் கொள்ள வேண்டியது.

கால அளவும் ஒரு அடையாளம். பிரசவத்திற்குப் பின் சில நாட்களில் தோன்றும் அழுகையும் மனத்தடுமாற்றமும் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தாமாகவே நீங்கும். அதற்கு மேல் நீடிப்பது வேறு. அதே சமயம், பிரசவத்தை அடுத்த நாட்களில் தாய் உறக்கமே இன்றிப் பரபரப்பாக இருந்தாலோ, இல்லாத குரல்களைக் கேட்டாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினாலோ அது ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேரும் மனநோய் நிலை. அது அவசர சிகிச்சைக்குரியது.

மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை கேட்டால் வியக்க வேண்டியதில்லை. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. பிரசவத்திற்குப் பின் முதல் ஓராண்டில் தைராய்டு சுரப்பி பாதிக்கப்படுவதும் உண்டு. இரண்டுமே களைப்பையும் மனவாட்டத்தையும் தரும். ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். ஆகிய எளிய சோதனைகள் இவற்றைக் காட்டிவிடும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

கோவாவில் தாய்மார்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வு, பிரசவித்த ஆறு முதல் எட்டு வாரங்களில் 23 சதவீதத்தினரிடம் மனச்சோர்வைக் கண்டது. வறுமையும் கணவருடனான உறவில் உள்ள கசப்பும் முக்கியக் காரணிகளாக இருந்தன. குழந்தையின் பாலினமும் பங்கு வகித்தது. ஆண் குழந்தையை எதிர்பார்த்த குடும்பத்தில் பெண் குழந்தையைப் பெற்ற தாயின் மீது சுமத்தப்படும் பழி, நோயாகவே வெளிப்படுகிறது. அத்தகைய வீட்டில் தாயின் உறக்கத்தைச் சரிசெய்வது மட்டும் போதாது. வீட்டாரோடும் பேச வேண்டியுள்ளது.

பலன் தந்தது எது?

ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடியினர் மிகுந்த மூன்று மாவட்டங்களில் ‘ஏக்ஜுட்’ என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 2008 வரை ஒரு முயற்சியை மேற்கொண்டது. கிராமப் பெண்கள் மாதந்தோறும் குழுவாகக் கூடினர். அவர்களில் ஒருவரைப் போன்ற உள்ளூர்ப் பெண்ணே குழுவை நடத்தினார். பிரசவத்திலும் குழந்தை வளர்ப்பிலும் தாங்கள் சந்திக்கும் சிக்கல்களைக் கதைகளாகப் பேசி, முன்னுரிமை தந்து, தீர்வுகளைத் தாங்களே வகுத்தனர்.

2010இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, பச்சிளங்குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது. மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் தாய்மார்களின் மனச்சோர்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் மட்டும் மிதமான மனச்சோர்வு 57 சதவீதம் குறைவாக இருந்தது. அங்கு யாரும் மனநல ஆலோசனை வழங்கவில்லை. பேசுவதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஆட்களும் இருந்தன. பலன் தெரிய மூன்றாண்டுகள் ஆயின என்பதும் கவனிக்கத்தக்கது.

கோவாவில் ‘சங்காத்’ என்ற அமைப்பு வேறொரு வழியைச் சோதித்தது. மனச்சோர்வு அறிகுறி உள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் ‘சகி’ என்ற பெயரில் சென்றனர். கர்ப்ப காலத்தில் தொடங்கிய சந்திப்புகள் பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரை நீடித்தன. சந்திப்புகளில் மூன்று பொருள்களே பேசப்பட்டன: தாயின் சொந்த நலம், குழந்தையோடு உள்ள உறவு, சுற்றியுள்ளவர்களோடு உள்ள உறவு.

முறை எளிமையானது. "நான் நல்ல தாய் இல்லை" என்ற எண்ணத்தை முதலில் அடையாளம் காண வேண்டும். அதற்கு மாற்றாக உண்மைக்கு நெருக்கமான ஓர் எண்ணத்தை வைக்க வேண்டும். பின்னர் அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு செயலை முடிவு செய்ய வேண்டும். பதினைந்து நிமிடம் அண்டை வீட்டாரோடு நடப்பது அத்தகைய செயல். மனம் சரியான பின் செயல்படலாம் என்று காத்திராமல், செயலின் வழியே மனத்தை மீட்பது இதன் அடிப்படை. பலன் மிதமானதே. கடும் மனச்சோர்வுக்கு இது மருத்துவருக்கு மாற்றாகாது.

எங்கே செல்லலாம்?

மருத்துவரிடம் செல்லத் தயங்குவதற்கு இரு அச்சங்கள் காரணமாகின்றன. ஒன்று, மருந்து உட்கொண்டால் பாலூட்டுவதை நிறுத்த வேண்டிவருமோ என்பது. பாலூட்டும் தாய்மார்களுக்கும் பொருந்தும் மனச்சோர்வு மருந்துகள் உள்ளன. தாம் பாலூட்டுவதை மருத்துவரிடம் தெரிவித்தால் அதற்கேற்ப அவர் தேர்வு செய்வார். தானாக மருந்தை நிறுத்துவதே ஆபத்து.

மற்றொன்று, குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்பது. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம், மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. தாயால் குழந்தைக்கு ஆபத்து நேரக்கூடும் என்ற நிலை அல்லது குழந்தையின் நலத்திற்கும் பாதுகாப்பிற்கும் தேவை என்ற நிலை ஏற்பட்டால் மட்டுமே தற்காலிகப் பிரிவுக்கு இடமுண்டு. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் தனிப் பிரிவு இயங்குகிறது.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் ‘டெலி-மானஸ்’ தொலைபேசிச் சேவையின் எண் 14416. நாள் முழுவதும் கட்டணமின்றித் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். தாயே அழைக்க வேண்டும் என்பதில்லை. கணவரோ, சகோதரியோ, தோழியோ அழைத்தும் வழி கேட்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநலச் சேவைகள் வழங்கப்படுகின்றன.

அழைப்பதற்கு முன் வீட்டார் மூன்று கேள்விகளுக்கு விடை குறித்து வைத்துக்கொள்வது உதவும். குழந்தை உறங்கும்போது அவரால் உறங்க முடிகிறதா? முன்பு பிடித்திருந்த ஏதேனும் ஒன்று இப்போதும் அவருக்குப் பிடிக்கிறதா? இந்த நிலை எத்தனை நாட்களாக உள்ளது? இவற்றை அவரிடமே, அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, தனியாகக் கேட்க வேண்டும்.